கோலாட்டப் பாவாடையும் ஒரு பென்சில் புள்ளியும்



நவராத்திரி கோலாட்டத்தைப் பார்த்துட்டு நிறைய பேர் எங்ககிட்ட ஒரே கேள்வியைக் கேட்டீங்க. "பிள்ளைங்க பாவாடை புதுசா? எங்க தைச்சீங்க? சிவப்புக்கு நடுவுல அந்தத் தங்கக் கலர் விரியுதே, அது எப்படி?"

புதுசு இல்லீங்க. போன வருஷத்துச் சிவப்புப் பாவாடைதான். தைச்சது செபராங் ஜெயாவிலேயே, நம்ம கோயில் மண்டபத்துப் பின்கட்டில், ரெண்டு தையல் மிஷினில், எங்க தொண்டூழியர் குழு. பாராட்டு கேட்டு இதை எழுதலை. முதல் ராத்திரி நாங்க செஞ்ச தப்பு, அதனால ஒரு பிள்ளை பட்ட கூச்சம், அப்புறம் அதை எப்படிச் சரி பண்ணோம் என்பதை எழுதி வைச்சா, வீட்டில் பாவாடை தைக்கிற தாய்மார்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்க.

போன வருஷம் துணி பத்தாமல், பன்னிரண்டு பாவாடையையும் ஒடுக்கமாக வெட்டிவிட்டோம். ஒவ்வொன்றும் நாலு துண்டு, நாலு மூட்டுத் தையல். அடிச் சுற்று 120 சென்டிமீட்டர். நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் கோலாட்டத்தில் கால் அகட்டி வைக்கணும், அரைமண்டி போடணும், சுத்தணும். பிள்ளைங்க பாவாடையைக் கையால தூக்கிக்கிட்டு ஆடினாங்க. கோலையும் பிடிக்கணும், பாவாடையையும் பிடிக்கணும், பாவம்.

இந்த வருஷம் பன்னிரண்டு புதுப் பாவாடைக்கு வழியில்லை. கைவசம் இருந்தது தங்கக் கலர் சாட்டின் துணி ஒரு சுருள். அப்பதான் யோசனை வந்தது. நாலு மூட்டிலும் கீழ்ப்பகுதியைப் பிரிச்சு, ஒவ்வொன்றிலும் ஒரு முக்கோணத் துண்டு வைச்சுத் தைச்சா அடி விரியும், இடுப்பு மாறாது. தையல் வகுப்பில் இதுக்கு 'கோடே' என்று பேர். பிரெஞ்சுக்காரங்க கொடுத்த பேர். நாங்க முக்கோணம் என்றே சொல்லுவோம்.

இது ஒண்ணும் புது வித்தை இல்லை. நம்ம பிள்ளைங்க பள்ளிக்குப் போட்டுப் போற பாஜு கூரோங்கைப் பக்கவாட்டில் பாருங்க. பழைய முறையில் தைச்ச பாஜு கூரோங்கில், உடம்புத் துண்டுக்குப் பக்கத்தில் கீழே விரிந்து போகிற ஒரு துண்டு இருக்கும். அதுக்கு 'பெசாக்' என்று பேர். நேரான துணியை நடக்கத் தோதாக விரிக்கிறதுதான் அதோட வேலை. எங்க குழுவில் ஒருத்தர் வீட்டுப் பையன் இன்னொரு படத்தையும் காட்டினான். கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் 1921-ல் ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டினப்போ, பல நூறு வருஷத்துக்கு முந்தின கம்பளி அங்கிகள் கிடைச்சதாம். இப்போ டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கு. அதிலும் முன்னாலும் பின்னாலும் நடுவில் பிளந்து, இதே போல முக்கோணம் வைச்சுத் தைச்சிருக்காங்க. அந்தக் குளிரிலும் ஆளுங்க கால் அகட்டி நடக்கணும் இல்லையா.

சரி, எங்க கதைக்கு வருவோம்.

எங்க குழுவில் பாதிப்பேர் தொழிற்சாலை ஆளுங்க. பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிச்சு, குளிச்சுட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மண்டபத்துக்கு வருவோம். மேற்பார்வை பார்த்துப் பார்த்துப் பழகின புத்தி நமக்கு. எதைப் பார்த்தாலும், எப்படி வேகமா முடிக்கிறது என்றுதான் ஓடும். பன்னிரண்டு பாவாடை, பாவாடைக்கு நாலு முக்கோணம், மொத்தம் 48. ஒருத்தர் வெட்டணும், ஒருத்தர் பின் குத்தணும், ரெண்டு பேர் தைக்கணும். "ஒரு பக்கம் கீழிருந்து மேலே தைச்சுப் போங்க, முனையில திருப்பி மறுபக்கம் கீழே இறங்குங்க, ஒரே ஓட்டம்" என்று நாங்களே உத்தரவு போட்டோம்.

மண்டபத்தில் பூக்கட்ட வருகிற பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்க. சின்ன வயசில் ஊரில் தையல் கத்துக்கிட்டவங்க. இப்போ கண்ணில் புரை, ஊசியில் நூல் கோர்க்க முடியாது. அவங்க பூவை வைச்சுட்டு எட்டிப் பார்த்துச் சொன்னாங்க: "தம்பி, முனையில திருப்பாதீங்க. புள்ளியில ஆரம்பிச்சு கீழ இறக்குங்க. ரெண்டு பக்கமும் தனித்தனியா." நாங்க என்ன சொன்னோம்? "நேரம் இல்லை பெரியம்மா. நாங்க பார்த்துக்கிறோம்."

அன்னைக்கு ராத்திரி நாலு பாவாடை முடிச்சோம். பதினாறு முக்கோணம். விரிச்சுப் போட்டுப் பார்த்தப்போ முனையெல்லாம் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. இஸ்திரி போட்டா சரியாயிடும் என்று நினைச்சோம்.

மறுநாள் ஒத்திகைக்கு ஒன்பது வயசுப் பிள்ளை ஒண்ணு அதைப் போட்டுக்கிட்டா. மூட்டுத் தையல் முடிஞ்சு முக்கோணம் ஆரம்பிக்கிற இடத்தில் துணி கூம்பிக்கிட்டு நின்றது. பக்கத்தில் இருந்த பிள்ளை சிரிச்சுக்கிட்டே, "எலிக்காது, எலிக்காது" என்றது. அரைமண்டி போட்டப்போ அந்த முனையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்தப் பிள்ளை மீதி ஒத்திகை முழுக்க ஒரு கையால அந்த இடத்தைப் பொத்திக்கிட்டே ஆடினா. அடுத்த நாள் வரலை. அம்மாவைக் கேட்டா, "காய்ச்சல்ண்ணே" என்றாங்க. காய்ச்சல் இல்லை என்று அவங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி மிஷினைத் தொடலை. தொழிற்சாலையில் ஒரு பொருள் கெட்டுப்போய் வந்தா முதலில் லைனை நிறுத்துவோம். பிறகு தப்பு எந்த இடத்தில் ஆரம்பிச்சது என்று பின்னோக்கிப் போவோம். அதையே இங்கேயும் செஞ்சோம். பெரியம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைச்சு, தைச்சதில் ஒரு முனையைப் பிரிச்சு மேசையில் வைச்சோம். மூணு தப்பு தெரிஞ்சது.

முதல் தப்பு, வெட்டினதில். ஸ்கேல் வைச்சு நேர்க்கோடாக முக்கோணம் போட்டோம். பக்கம் 35 சென்டிமீட்டர், அடி 30. கணக்குப் போட்டுப் பாருங்க. முனையிலிருந்து பக்கவாட்டில் இறங்கினா 35 வரும். ஆனால் நடுவில் நேராக இறங்கினா 31.6 தான் வரும். அதாவது நடுவில் 3.4 சென்டிமீட்டர் குறைச்சல். அதான் ஒவ்வொரு தங்கத் துண்டும் நடுவில் மேலே தூக்கிக்கிட்டு, ரெண்டு ஓரமும் தொங்கிச்சு. அடி ஓரம் நேராக இருக்கக் கூடாது, வளைவாக இருக்கணும். முனையில் ஒரு ஆணி, அதில் 35 சென்டிமீட்டர் நூல், நூல் நுனியில் பென்சில் கட்டி இழுத்தா வளைவு தானாக வரும். எங்கே அளந்தாலும் 35 இருக்கும்.

ரெண்டாவது தப்புதான் பெரிய தப்பு. முனை என்றால் எது? நாங்க வெட்டின துணியின் கூர்நுனியை முனை என்று நினைச்சோம். அது முனை இல்லை. தையல் ஓரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 1.5 சென்டிமீட்டர் துணி விட்டிருக்கோம். அந்த 1.5 உள்ளே தள்ளி ரெண்டு பக்கமும் தையல் கோடு போட்டா, ரெண்டு கோடும் எங்கே சந்திக்குதோ அதுதான் உண்மையான முனை. எங்க அளவில் அது வெட்டின நுனிக்கு 3.5 சென்டிமீட்டர் கீழே இருக்கு.

நாங்க வெட்டின நுனியைக் கொண்டுபோய் மூட்டுத் தையல் முடிகிற இடத்தில் வைச்சோம். அப்போ என்ன ஆகும்? மேலே அந்த 3.5 சென்டிமீட்டரில் தையலில் பிடிக்க முக்கோணத்தில் துணியே இல்லை. தைக்கிறவங்க எப்படியாவது பிடிக்கணும் என்று ஓரத்தை ஒடுக்கி, சாய்ச்சு, இழுத்துத் தைச்சாங்க. பிடிபட்ட இடம் எலிக்காது ஆச்சு, பிடிபடாத இடம் ஓட்டை ஆச்சு.

இதில் இன்னொண்ணு கவனிங்க. முக்கோணம் எவ்வளவு ஒடுக்கமோ, அவ்வளவு கீழே போகும் இந்தப் புள்ளி. அதே 35 நீளத்துக்கு அடி 30-க்குப் பதில் 10 மட்டும் வைச்சா, உண்மையான முனை வெட்டின நுனிக்கு 10.5 சென்டிமீட்டர் கீழே வரும். அதனால கண் மட்டத்தில் வைச்சுத் தைக்கிற விஷயம் இல்லை இது. கோடு போட்டுத்தான் கண்டுபிடிக்கணும்.

மூணாவது தப்பு, தைச்ச திசை. முக்கோணத்தின் நடுவில் நெடுக்கு நூல் ஓடுது. அப்போ ரெண்டு பக்க ஓரமும் சாய்வாக வெட்டுப்படுது. சாய்வாக வெட்டின ஓரம் ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபடும். கீழிருந்து மேலே தைச்சா, இழுபட்ட உபரித் துணியெல்லாம் கடைசியில் முனைக்கு வந்து சேரும். அங்கே அதுக்குப் போக இடம் இல்லை, அதனால உப்பிக்கும். மேலிருந்து கீழே தைச்சா, அதே உபரி அடி ஓரத்துக்குப் போயிடும். அங்கே கத்தரிக்கோலால வெட்டிவிட்டா முடிஞ்சது.

பெரியம்மா முந்தின நாள் ஒரே வரியில் சொன்னது இதுதான். நாங்க ஒரு ராத்திரியையும் ஒரு பிள்ளையின் மனசையும் செலவு பண்ணிக் கத்துக்கிட்டோம்.

இனி நாங்க சரியாகச் செய்த முறையைச் சொல்கிறோம். உங்க பாவாடையின் அளவு வேறாக இருக்கும். முறை ஒண்ணுதான்.

முதலில் அட்டை. பழைய அட்டைப் பெட்டியில் தையல் கோட்டு முக்கோணத்தை வரைஞ்சோம். மேலே புள்ளி, அங்கிருந்து ரெண்டு பக்கமும் 35, அடியில் நேராக அளந்தா 30, அப்புறம் நூல் கட்டி வளைவு. இதுக்கு வெளியே ரெண்டு பக்கமும் 1.5 சேர்த்து வெட்டினோம். அடியில் சேர்க்கலை, ஏனென்றால் 35-ஐ அடிமடிப்புத் துணியோடு சேர்த்தே அளந்திருந்தோம். புள்ளி இருக்கிற இடத்தில் அட்டையில் ஒரு ஓட்டை போட்டோம், பென்சில் நுனி நுழைகிற அளவு. துணியில் அட்டையை வைச்சு வெட்டினதும், ஓட்டை வழியாகக் கெட்ட பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி. 48 துண்டிலும் புள்ளி ஒரே இடத்தில். இந்த ஓட்டை மட்டும்தான் தொழிற்சாலைப் புத்தி இந்த வேலைக்குக் கொடுத்த உருப்படியான உதவி.

அடுத்தது பாவாடை. அடிமடிப்பைப் பிரிச்சு இஸ்திரி போட்டு நீட்டணும். அடி ஓரத்திலிருந்து மூட்டின் மேல் 35 சென்டிமீட்டர் அளந்து, கெட்ட பக்கத்தில் மூட்டுத் தையல் மேலேயே ஒரு புள்ளி. தையல் பிரிக்கிற முள்ளால அந்தப் புள்ளி வரைக்கும் மட்டும் மூட்டைப் பிரிக்கணும். ஒரு தையல்கூட அதிகம் பிரிக்கக் கூடாது, குறைச்சலும் விடக் கூடாது. பிரிஞ்ச நூல் நுனியை வெட்டாமல், கெட்ட பக்கம் இழுத்து, ரெண்டு முடிச்சு கையால போட்டோம். மிஷினில் முன்னும் பின்னும் ஓட்டினா அந்த இடம் தடிச்சுப்போகும், முனை படியாது.

கடையில் வாங்கின பாவாடையா இருந்தா ஒரு விஷயம். தையல் ஓரம் ரெண்டையும் சேர்த்து ஓவர்லாக் அடிச்சிருப்பாங்க. அந்த ஓவர்லாக்கை மட்டும் புள்ளிக்கு மேலே இன்னும் 5 சென்டிமீட்டர் வரைக்கும் பிரிச்சு, ஓரத்தை ரெண்டு பக்கமும் விரிச்சு இஸ்திரி போடுங்க. ஒட்டிக்கிட்டு இருந்தா முனைக்குப் படுக்க இடம் கிடைக்காது.

இப்போ பொருத்துறது. பாவாடையின் ஒரு பக்க ஓரத்தையும் முக்கோணத்தின் ஒரு பக்க ஓரத்தையும், நல்ல பக்கம் உள்ளே பார்க்க, ஒண்ணு மேல ஒண்ணு வைக்கணும். ஒரு குண்டூசியை முக்கோணத்துப் புள்ளியில் குத்தி, அதே ஊசி பாவாடைப் புள்ளியில் வெளியே வரணும். மூட்டின் கடைசித் தையலுக்கு நேராக வரணும். வரலை என்றால் வரும் வரைக்கும் நகர்த்துங்க. இங்கே ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் வெளியே தெரியும். வெட்டின நுனி புள்ளிக்கு மேலே 3.5 சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு நிற்கும். பார்க்க விநோதமாக இருக்கும், பயப்படாதீங்க, அது அப்படித்தான். புள்ளியிலிருந்து கீழே வரைக்கும் துணியை இழுக்காமல் படுக்க வைச்சு, மூணு விரல் இடைவெளியில் பின் குத்துங்க.

தைக்கும்போது, மறுபக்கத்துப் பாவாடைத் துண்டையும் அதோட தையல் ஓரத்தையும் நல்லா ஒதுக்கி வைச்சுடணும். ஊசிக்கு அடியில் ரெண்டே துணிதான் இருக்கணும்: ஒரு பாவாடைத் துண்டு, ஒரு முக்கோணம். மிஷின் சக்கரத்தைக் கையால திருப்பி, ஊசியைப் புள்ளியிலேயே இறக்குங்க. பிறகுதான் பெடலை மிதிக்கணும். முதல் 3 சென்டிமீட்டர் தையலைச் சின்னதாக வைச்சோம், 1.5 மில்லிமீட்டர். ஆடும்போது இழுவை எல்லாம் முனைக்குத்தான் வரும், அதனால அங்கே தையல் நெருக்கமாக இருக்கணும். அப்புறம் வழக்கமான அளவுக்கு மாத்தி அடி வரைக்கும் தைச்சு இறக்கினோம். மேலே ஆரம்பத்தில் விட்ட நூல் நுனியைக் கையால முடிச்சுப் போட்டோம்.

மறுபக்கமும் அதே மாதிரி. மறுபடியும் புள்ளியில் ஆரம்பிச்சு, கீழே. முதல் பக்கம் தைக்கும்போது பாவாடைத் துண்டு மேலே இருந்தா, ரெண்டாவது பக்கத்தில் திருப்பிப் போடும்போது முக்கோணம் மேலே வரும். மிஷினின் பல் அடித்துணியை உள்ளே தள்ளும், மேல்துணி பின்தங்கும். அதனால ரெண்டாவது பக்கத்தில் பின்னை இன்னும் நெருக்கமாகக் குத்தி, கையால இழுக்காமல் மெதுவாக விட்டோம்.

தைச்சு முடிச்சதும் நல்ல பக்கம் திருப்பிப் பாருங்க. முனையைச் சுத்தி சுருக்கம் விசிறி மாதிரி விரிஞ்சா, உங்க தையல் புள்ளியைத் தாண்டி மேலே போயிருக்கு, அல்லது மறுபக்கத்துத் துணியைப் பிடிச்சிருக்கு. முள்ளால ஒண்ணு ரெண்டு தையலைப் பிரிச்சா அந்த இடத்திலேயே படிஞ்சுடும். முனையில் வெளிச்சம் தெரிகிற மாதிரி சின்ன ஓட்டை இருந்தா, தையல் புள்ளிக்குக் கீழே ஆரம்பிச்சிருக்கு. புள்ளியிலிருந்து 2 சென்டிமீட்டர் மறுபடி தைச்சுக் கொடுங்க. சுருக்கமும் இல்லை, ஓட்டையும் இல்லை, ஆனால் முனைக்குக் கீழே துணி பை மாதிரி உப்புது என்றால் ஓரம் இழுபட்டிருக்கு. அதுக்குக் குறுக்கு வழி இல்லை. அந்தப் பக்கத்தை முழுசாகப் பிரிச்சு, இழுக்காமல் மறுபடி பின் குத்தித் தைக்கணும்.

சரியாக வந்த பிறகுதான் வெட்டுறது. புள்ளிக்கு மேலே நீட்டிக்கிட்டு நிற்கிற நுனியை 1 சென்டிமீட்டர் விட்டு மட்டமாக வெட்டினோம். கெட்ட பக்கத்தில், முக்கோணத்தின் ரெண்டு பக்கத் தையல் ஓரத்தையும் பாவாடைப் பக்கமாகச் சாய்ச்சு, மேலே மீதி இருக்கிற நுனியை மேல்நோக்கிப் படுக்க வைச்சு இஸ்திரி போட்டோம். சாட்டினுக்கு சூடு ஆகாது. மெல்லிய ஈரத்துணியை மேலே போட்டு, பெட்டியைத் தேய்க்காமல் வைச்சு வைச்சு எடுக்கணும். தேய்ச்சா சாய்வு ஓரம் மறுபடி இழுபடும், செஞ்சதெல்லாம் வீண்.

அடிமடிப்பை உடனே அடிக்காதீங்க. ஒரு ராத்திரி முழுக்கப் பாவாடையைத் தொங்கவிடுங்க. சாய்வுத் துணி தன் கனத்திலேயே இறங்கும். எங்க சாட்டின் சில இடத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் இறங்கியது. மறுநாள் பிள்ளைக்குப் போட்டு நிற்க வைச்சு, தரையிலிருந்து ஸ்கேல் வைச்சுச் சுத்தி அளந்து சாக்கட்டியால கோடு போட்டு, மிச்சத்தை வெட்டிட்டு, ஒல்லியாக ரெண்டு மடிப்பு மடிச்சுத் தைச்சோம். வளைவான அடியில் அகலமான மடிப்பு வைச்சா அது சுருங்கும்.

ஒரு முக்கோணம் அடியில் சுமார் 31 சென்டிமீட்டர் வளைவு கொடுத்தது. நாலும் சேர்ந்து அடிச் சுற்றை 120-லிருந்து 240-க்கு மேலே கொண்டு போச்சு. இடுப்பும் இடுப்புக்குக் கீழே இருக்கிற வடிவமும் அப்படியே இருந்தது.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் மூட்டுத் தையல் இருக்கிற இடத்துக்குத்தான். மூட்டு இல்லாத இடத்தில், துணி நடுவில் கத்தரிக்கோலால பிளந்து முக்கோணம் வைக்கிறது வேற வேலை. அங்கே பிளவு முடிகிற இடத்தில் தையல் ஓரம் ஒண்ணுமே இல்லாமல் நூலளவுக்கு ஒடுங்கிப்போகும். இழுத்தா பிஞ்சுடும். பின்னால் மெல்லிய துணி ஒட்டுப் போட்டுப் பலப்படுத்தாமல் அதைத் தொடக் கூடாது. அந்த கிரீன்லாந்து அங்கிக்காரங்க கெட்டிக் கம்பளியில் செஞ்சாங்க, கம்பளி அவ்வளவு சுலபமாக நூல் பிரியாது. நம்ம சாட்டின் பார்த்தாலே பிரியும். முதல் தடவை செய்யறவங்க மூட்டிலேயே செய்யுங்க.

முதல் ராத்திரி கெடுத்த நாலு பாவாடையையும் பிரிச்சோம். அந்தப் பதினாறு துண்டும் நேர் அடி என்பதால் உதவலை, புதுசாக வெட்டினோம். இந்தத் தடவை மொத்தத்தையும் ஒரே மூச்சில் தைக்கலை. ஒரே ஒரு முனையைத் தைச்சு, இஸ்திரி போட்டு, பெரியம்மா கையில் கொடுத்தோம். அவங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. கட்டைவிரலால மூட்டு மேலே மெதுவாக இறங்கி வந்தாங்க. சிவப்பிலிருந்து தங்கத்துக்குப் போகிற இடத்தைத் தாண்டி விரல் கீழே போயிடுச்சு. திரும்ப மேலே வந்து தேடினாங்க.

"எங்கப்பா முனை? தட்டுப்படலையே" என்றாங்க.

அதுக்கப்புறம்தான் மீதி 47.

அந்தப் பிள்ளை வீட்டுக்கு நாங்க ரெண்டு பேர் போனோம். பாவாடையை எடுத்துக்கிட்டுத்தான் போனோம். "தப்பு எங்க மேலதான்மா, நாங்க தைச்சது சரியில்லை. இப்போ சரி பண்ணிட்டோம், நீயே பாரு" என்று சொல்லி அவ கையிலேயே கொடுத்தோம். அவ வேற எதையும் பார்க்கலை. நாலு முனையையும் ஒண்ணு ஒண்ணாக விரலால அழுத்திப் பார்த்தா. பிறகு உள்ளே போய்ப் போட்டுக்கிட்டு வந்து, கூடத்தில் ஒரு அரைமண்டி போட்டா. எழுந்தா. சுத்தினா. ஒண்ணும் சொல்லலை. மறுநாள் ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்றா.

கோலாட்டத்தன்னைக்கு நீங்க எல்லாரும் மேடையில் தங்கக் கலர் விரிகிறதைப் பார்த்திருப்பீங்க. நாங்க மேடைக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளையின் கையை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு கையிலும் கோல் இருந்தது.

அந்த ஓட்டை போட்ட அட்டை மண்டபத்துப் பின்கட்டில் ஆணியில் மாட்டி இருக்கு. வீட்டில் பாவாடை விரிக்கணும் என்றால் எடுத்துட்டுப் போங்க, வேலை முடிஞ்சதும் திரும்ப மாட்டிடுங்க. வேற நீளம் வேணும் என்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேலே வாங்க, சேர்ந்து வரைஞ்சு தர்றோம். பெரியம்மாவும் இருப்பாங்க. அவங்க சொன்னா முதல் தடவையிலேயே கேட்டுக்குங்க.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.